பேட்டரி பேக்கில் பழுதான செல் எது? சூட்டைப் பார்த்துப் பிடிக்கும் வழி

"அண்ணா, மீட்டர்ல 2 கட்டை சார்ஜ் காட்டுது. பாலம் ஏறும்போது பொட்டுன்னு நின்னுடுது. ஓரமா நிறுத்தி அணைச்சுப் போட்டா மறுபடி ஓடுது."

போன மாதம் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டரோடு வந்தவர் சொன்னது இது. பேட்டரி 48 வோல்ட் பேக். உள்ளே 18650 அளவு லித்தியம் செல்கள் 78. ஆறு ஆறாகப் பேரலலில் சேர்த்து ஒரு குரூப், அப்படி 13 குரூப்கள் சீரிஸில். ஒரு செல் 2.6 ஆம்பியர்-மணி, ஆக பேக் 15.6 ஆம்பியர்-மணி. மெதுவாக ஓடும் ஸ்கூட்டர்களில் சர்வ சாதாரணமாக வரும் அமைப்புதான்.

இந்த 78-ல் எது கெட்டது என்று ஒவ்வொன்றாகக் கழற்றி அளப்பது இரண்டு நாள் வேலை. தெர்மல் கேமரா இருந்தால் அரை மணியில் ஆளைப் பிடித்துவிடலாம். ஆனால் படத்தை எப்படிப் படிப்பது என்று தெரியாவிட்டால், நல்ல செல்லை அறுத்துப் போட்டுவிட்டுக் கெட்டதை உள்ளேயே விட்டுவிடுவோம். ஆரம்பத்தில் நானும் அதைச் செய்திருக்கிறேன். அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். மேலே சொன்ன பேக்கையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

முதலில், படம் எடுக்கும் விதம்

சும்மா கிடக்கும் பேக்கைப் படமெடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. செல்லில் உண்டாகும் சூடு, கரண்டின் வர்க்கத்தை உள் மின்தடையால் பெருக்கினால் வருவது. நல்ல நிலையில் உள்ள செல்லுக்கு 50 மில்லிஓம் என்று வைத்துக்கொண்டால், அரை ஆம்பியர் போகும்போது 0.0125 வாட்தான். அதே செல்லில் 2.5 ஆம்பியர் போனால் 0.31 வாட். கரண்ட் ஐந்து மடங்கு, சூடு இருபத்தைந்து மடங்கு. எனவே லோடு போடாமல் வேலைக்காகாது.

நான் லோடுக்கு வைத்திருப்பது பழைய மோட்டார் சைக்கிள் ஹெட்லைட் பல்புகள். 12 வோல்ட், 60 வாட் ஹாலோஜன் பல்பு நான்கைச் சீரிஸில் கோத்தால் ஒரு சரம். அது ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். மூன்று சரம் போட்டால் 15 ஆம்பியர், அதாவது செல்லுக்கு 2.5. பேக்கைக் காவல் காத்து, தேவைப்பட்டால் கரண்டை வெட்டும் பலகையான பிஎம்எஸ் அந்தக் கரண்டைத் தொடர்ந்து தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று சரத்தையும் ஒரே நேரத்தில் மாட்டாதீர்கள். குளிர்ந்த பல்பின் இழை முதல் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பிஎம்எஸ் அதை ஷார்ட் என்று நினைத்து வெட்டிவிடும். ஒவ்வொரு சரமாகச் சேருங்கள். அப்புறம், பல்புகளை பேக்கின் எதிரில் வைக்காதீர்கள். அவற்றின் வெப்பம் செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையில் பட்டுத் திரும்பி, படத்தில் ஒரு பொய்ப் புள்ளியாக உட்கார்ந்துகொள்ளும்.

பட்டை விஷயம் இன்னொன்றும் உண்டு. பளபளக்கும் நிக்கல் தன் சூட்டைக் கேமராவுக்குக் காட்டாது, கண்ணாடி மாதிரி எதிரே இருப்பதைக் காட்டும். கையை அசைத்துப் பாருங்கள், திரையில் பட்டைக்கு மேல் கையின் நிழல் அசைந்தால் நீங்கள் பார்ப்பது உங்கள் கையை. செல்லின் இரு முனைகளும் தெரியும்படி மேலுறையையும் காப்பு அட்டையையும் எடுத்துவிட்டு, பட்டைகளின் மேல் காப்டன் டேப்போ பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்போ காற்றுக் குமிழ் இல்லாமல் ஒட்டுங்கள். கேமராவில் எமிசிவிட்டியை, அதாவது ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு வெளிக்காட்டும் என்ற அளவை, 0.95 என்று வையுங்கள். டேப்பின் சூடு பட்டையின் சூட்டுக்கு வந்துவிடும், அதைத்தான் கேமரா படிக்கும். உறையைக் கழற்றிய பிறகு 54 வோல்ட் வெளியே திறந்து கிடக்கிறது என்பது நினைவிருக்கட்டும். மோதிரம், கடிகாரம், ஸ்டீல் வளையல் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். உப்பிய செல், கசிந்த செல், இனிப்பு வாசனை இவற்றில் ஒன்று இருந்தாலும் லோடு சோதனையே வேண்டாம்.

கேமராவின் நிற அளவையும் பூட்டி வையுங்கள். தானியங்கியில் விட்டால், படத்தில் உள்ள மிகக் குறைந்த சூட்டுக்கு நீலமும் அதிகமானதற்கு வெள்ளையும் கொடுத்துவிடும். முக்கால் டிகிரி வித்தியாசம்கூட எரிமலை போலத் தெரியும். நான் அறை வெப்பத்திலிருந்து 15 டிகிரி மேல்வரை பூட்டிவிடுவேன். கையடக்கக் கேமராக்கள் சொல்லும் டிகிரி இரண்டு முன்பின் இருக்கலாம், அது பரவாயில்லை. நமக்கு வேண்டியது ஒரு செல்லுக்கும் அடுத்ததுக்கும் உள்ள வித்தியாசம், அதில் அவை கெட்டி.

கேமரா இல்லை, துப்பாக்கி மாதிரி இருக்கும் ஐஆர் தெர்மாமீட்டர்தான் இருக்கிறது என்றால், அதன் சிவப்புப் புள்ளியை நம்பாதீர்கள். 12-க்கு 1 என்று அதன்மேல் எழுதியிருந்தால், 30 சென்டிமீட்டர் தூரத்தில் அது 2.5 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைச் சொல்கிறது. செல்லின் விட்டமே 1.8 சென்டிமீட்டர். பக்கத்து செல்லின் சூடும் கலந்துவிடும். அதைவிட, சந்தேகப்படும் குரூப்பில் சிறிய தெர்மோகப்புள் முனைகளை டேப் போட்டு ஒட்டுவது மேல்.

அறிகுறி: ஒரு குரூப் சூடு, அதற்குள் ஒன்றிரண்டு செல் மட்டும் குளிர்ச்சி

ஸ்கூட்டர் பேக்கை முழுக்கச் சார்ஜ் செய்து, ஓர் இரவு விட்டு, காலையில் லோடு போட்டேன். அறை 31 டிகிரி. பத்து நிமிடம் கழித்து எடுத்த படத்தில் பன்னிரண்டு குரூப்கள் 34, 34.5 என்று ஒரே நிறத்தில் கிடந்தன. ஒன்பதாவது குரூப்பில் நான்கு செல்கள் மட்டும் 37.5-ஐத் தொட்டிருந்தன. மிச்சம் இரண்டு, ஓரத்தில் இருந்த முதலாவதும் இரண்டாவதும், 33 சொச்சம்.

பார்த்தவுடன் கை அந்த நான்கு சூடான செல்களை நோக்கித்தான் போகும். அவை நல்ல செல்கள். பழுது குளிர்ந்து கிடக்கும் இரண்டில்.

காரணம் இதுதான். சீரிஸில் எல்லாருக்கும் ஒரே கரண்ட். அங்கே மின்தடை கூடியவன் அதிகம் சூடாவான். பேரலலில் எல்லாருக்கும் ஒரே வோல்ட். அங்கே மின்தடை கூடியவன் கரண்டைக் குறைவாக எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவான், அவன் பங்கு வேலையும் பக்கத்து செல்களின் தலையில் விழும். ஆறு செல்லில் ஐந்து 50 மில்லிஓம், ஒன்று மட்டும் 150 மில்லிஓம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 15 ஆம்பியரில் நல்ல செல் ஒவ்வொன்றும் 2.8 ஆம்பியர் சுமக்கும், கெட்டது 0.94 மட்டும். நல்லதில் 0.39 வாட் சூடு, கெட்டதில் 0.13. மின்தடை மூன்று மடங்கு ஏறிய செல்லில் சூடு மூன்றில் ஒன்றாக இறங்குகிறது.

நம் பேக்கில் நிலைமை அதைவிட மோசம். இரண்டு செல்கள் கரண்டே எடுக்கவில்லை என்றால், நான்கு பேர் ஆளுக்கு 3.75 ஆம்பியர் இழுக்க வேண்டும். 2.5-க்குப் பதில் 3.75 என்றால் சூடு 2.25 மடங்கு, அதாவது 0.31 வாட் இருந்த இடத்தில் 0.7. 18650 செல் ஒன்றை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 45 ஜூல் வேண்டும். காற்றுக்கு எதுவும் போகாது என்று வைத்தால், மற்ற குரூப்கள் பத்து நிமிடத்தில் 4 டிகிரி ஏறும், இந்த நான்கு செல்கள் 9 டிகிரி ஏறும். உண்மையில் பக்கத்து செல்லுக்கும் காற்றுக்கும் கொஞ்சம் போய்விடுவதால் மூன்றரை, ஆறரை என்று வந்திருக்கிறது. அந்த இரண்டு குளிர்ந்த செல்கள் 31-லேயே நிற்காமல் 33 ஆனதும் சொந்தச் சூட்டால் அல்ல, பக்கத்துவீட்டுச் சூட்டால்.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். ஓரத்து செல்கள் இயல்பாகவே குளிர்ச்சியாகத்தானே இருக்கும்? இருக்கும். அதனால் எந்த செல்லையும் அதன் எதிர்ப்பக்கத்து ஜோடியோடு ஒப்பிடுங்கள். ஒன்பதாவது குரூப்பின் முதல் செல்லுக்கு ஜோடி, அதே குரூப்பின் ஆறாவது செல். அதுவும் ஓரம்தான், ஆனால் 37-க்கு மேல். பேக்கின் நடுவிலிருந்து அதே தூரத்தில் மறுபக்கம் இருப்பது ஐந்தாவது குரூப். அங்கே முதல் செல் 34, ஆறாவது செல் 34.2. இரண்டு வழியில் பார்த்தாலும் இது ஓரத்துக் குளிர்ச்சி இல்லை.

பாலத்தில் நின்றதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஆறில் இரண்டு வேலை செய்யவில்லை என்றால் அந்தக் குரூப்பின் கொள்ளளவு 15.6 அல்ல, 10.4 ஆம்பியர்-மணி. மற்ற பன்னிரண்டிலும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே இது காலி. ஏற்றத்தில் கரண்ட் கூடியதும் இந்தக் குரூப்பின் வோல்ட் கீழே விழும், பிஎம்எஸ் வெட்டும். நிறுத்தியதும் வோல்ட் மேலே ஏறும், வண்டி மறுபடி ஓடும். மீட்டர் மொத்த வோல்ட்டைப் பார்த்துக் கட்டை காட்டுவதால் அதற்கு ஒன்றும் தெரியாது.

குளிர்ந்த செல்லைக் கண்டுபிடித்தபின் மல்டிமீட்டரை எடுங்கள். ஒதுங்கியதற்குக் காரணம் பொதுவாக மூன்று. பட்டையின் வெல்டு விட்டிருக்கலாம். செல்லின் உள்ளே அழுத்தம் கூடும்போது இணைப்பை அறுக்கும் பாதுகாப்புத் தகடு வெட்டியிருக்கலாம். அல்லது செல் கிழடாகி மின்தடை ஏறியிருக்கலாம். மீட்டரின் ஒரு முனையைச் செல்லின் உடம்பிலும் மறுமுனையை அதன் அடிப்பக்க மைனஸ் பட்டையிலும் வையுங்கள். ஒட்டியிருந்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். நம் பேக்கில் இரண்டிலும் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அதாவது அவற்றின் அடிப்பக்க வெல்டு விட்டுப் போயிருக்கிறது. செல்லின் சொந்த இரு முனைகளில் அளந்தால் 3.92 வோல்ட், குரூப்போ 4.14. எப்போதோ அறுந்த அன்று இருந்த வோல்ட்டிலேயே அவை நின்றுவிட்டன. செல்லின் சொந்த முனைகளிலேயே வோல்ட் எதுவும் வராமல் இருந்தால் பாதுகாப்புத் தகடு வெட்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்த செல்லை மறுபடி சேர்க்கும் பேச்சே வேண்டாம்.

அறிகுறி: லோடு போட்ட அரை நிமிடத்தில் ஒரு புள்ளி மட்டும் கொதிக்கிறது

இது செல் இல்லை, இணைப்பு. செல் 45 கிராமுக்குக் குறையாத உலோகமும் பசையும் சேர்ந்த உருண்டை, அது நிமிடக்கணக்கில்தான் சூடாகும். 0.15 மில்லிமீட்டர் நிக்கல் பட்டைக்கு எடையே இல்லை, நொடியில் ஏறிவிடும். எனவே படத்தை லோடு போட்ட 20-வது நொடியில் ஒருமுறை, பத்தாவது நிமிடத்தில் ஒருமுறை எடுங்கள். முதல் படத்தில் தெரிபவை எல்லாம் இணைப்புகள். இரண்டாவதில் புதிதாக முளைப்பவை செல்கள்.

சூட்டின் வடிவமும் காட்டிக்கொடுக்கும். இணைப்புச் சூடு கூர்மையான புள்ளியாக இருந்து விலக விலக மங்கும். செல் சூடு அதன் முனை முழுக்க ஒரே சீராக, வட்டமாக இருக்கும். உறுதி செய்ய, அதே லோடில் இணைப்பின் இருபுறமும் மில்லிவோல்ட் அளவுங்கள். இரண்டு குரூப்பைச் சேர்க்கும் இடத்தில் 15 ஆம்பியருக்கு 75 மில்லிவோல்ட் விழுந்தால் அங்கே 5 மில்லிஓம் இருக்கிறது, ஒரு வாட்டுக்கு மேல் அந்தச் சிறு இடத்தில் எரிகிறது. இதை விட்டுவைத்தால் பக்கத்து செல்லை வேகவைத்து உண்மையாகவே கெடுத்துவிடும்.

அறிகுறி: தொடக்கத்தில் எல்லாம் சமம், கடைசியில் ஒரு குரூப் மட்டும் ஏறுகிறது

அந்தக் குரூப்பின் ஆறு செல்லும் சேர்ந்தே தேய்ந்திருக்கின்றன. கரண்ட் சமமாகப் பங்கிடப்படுவதால் உள்ளே குளிர்ந்தவர் யாரும் இல்லை. லித்தியம் செல் காலியாகும் தறுவாயில் அதன் மின்தடை வேகமாக ஏறும்; மற்றவர்களுக்கு முன்னாலேயே காலியாகும் குரூப் மற்றவர்களுக்கு முன்னாலேயே சூடாகும். இதைப் பிடிக்க முழு டிஸ்சார்ஜ் தேவை, பத்து நிமிடம் போதாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு படமும், குரூப்களிலிருந்து பிஎம்எஸ்ஸுக்குப் போகும் பேலன்ஸ் கம்பிகளில் ஒவ்வொரு குரூப்பின் வோல்ட்டும் எடுத்துக்கொண்டே போங்கள். எந்தக் குரூப்பும் 3.0 வோல்ட்டைத் தொட்டவுடன் லோடை எடுத்துவிடுங்கள். எந்த செல்லும் 55 டிகிரியைத் தொட்டாலும் அப்படித்தான்.

உண்மையைச் சொன்னால், இந்த வகைப் பழுதுக்குக் கேமராவைவிட வோல்ட்மீட்டர் சீக்கிரம் பேசும். கேமராவின் வேலை "ஆறும் ஒரே மாதிரிதானா" என்பதை உறுதி செய்வது மட்டும்.

ஒரு நிலைக்கு ஒரே செல் வைத்த, பெட்டி வடிவப் பெரிய செல்கள் சீரிஸில் இருக்கும் சோலார் பேக்குகளில் கதை வேறு. அங்கே பேரலல் இல்லாததால் சூடானவனே குற்றவாளி. ஆனால் செல்கள் பக்கத்தில் பக்கம் ஒட்டி இறுகியிருப்பதால் கேமராவுக்கு மேல்முனை மட்டும்தான் தெரியும். முனையில் சூடு என்றால் முதலில் நட்டை இறுக்கிப் பாருங்கள். எனக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் அதுதான்.

அறிகுறி: எந்த வேலையும் இல்லாமல் ஒரு செல் வெதுவெதுப்பு

இதுதான் பயப்பட வேண்டியது. லோடு இல்லை, சார்ஜ் இல்லை, 12 மணி நேரமாக நிழலில் கிடக்கிறது. ஆனாலும் ஒரு செல் பக்கத்தவர்களைவிட ஒரு டிகிரியோ இரண்டோ கூட. உள்ளே கசிவு இருக்கிறது, பேரலலில் இருக்கும் மற்ற ஐந்தும் அதற்கு ஊட்டிக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு கசிவு என்று பாருங்கள்: 5 மில்லிஆம்பியர் கசிவு 0.02 வாட்தான், பேக்குக்குள் அது கண்ணுக்கே தெரியாது. தெரியும் அளவுக்குச் சூடு என்றால் ஏறக்குறைய 50 மில்லிஆம்பியர், அதாவது 0.2 வாட் போகிறது. ஆகவே கேமராவில் தெரியாவிட்டால் கசிவே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்னக் கசிவுக்கு ஒரு வாரம் விட்டு வோல்ட் எடுப்பதுதான் வழி. ஆனால் தெரிந்துவிட்டால் சார்ஜ் போடாதீர்கள், லோடும் வேண்டாம். பேக்கை வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் இல்லாத இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மெதுவான சார்ஜில் சூடாகும் செல்லும் இதே கட்சி. 5 ஆம்பியர் சார்ஜரில் செல்லுக்கு 0.83 ஆம்பியர்தான் போகிறது. அந்தக் கரண்டில் மின்தடைச் சூடு 0.04 வாட்டைக்கூடத் தொடாது. அங்கே ஒரு செல் மட்டும் தனியாகத் தெரிந்தால் வேறு சமாதானம் தேடாதீர்கள்.

சார்ஜ் முடியும் நேரத்தில் பிஎம்எஸ் பலகையும் அதை ஒட்டிய செல்களும் சூடாவது வேறு. பேலன்ஸ் செய்யும் சிறு மின்தடைகள் அங்கே எரிகின்றன, அது அவற்றின் வேலை. பேக்கின் நடு செல்கள் ஓரத்தைவிடச் சூடாக இருப்பதும் அப்படியே: சூடு வெளியேற வழி குறைவு, அவ்வளவுதான்.

மறுபடி அந்த ஸ்கூட்டர்

வெல்டு விட்ட மூலையில் பெட்டிக்குள் ஸ்பாஞ்ச் நசுங்கிப் போயிருந்தது. குழியில் விழும்போதெல்லாம் பேக் அந்த மூலையில் இடித்திருக்கிறது. இரண்டு செல்களையும் ஒற்றை செல் சார்ஜரில் வைத்து 4.14-க்கு ஏற்றி, குரூப்போடு வோல்ட் சமமான பிறகுதான் புதுப் பட்டை வைத்து வெல்டு அடித்தேன். 3.92-ல் இருந்தபடியே ஒட்டியிருந்தால், ஒட்டும் நொடியில் மற்ற நான்கும் அவற்றுக்குள் கரண்டைக் கொட்டியிருக்கும்.

பிறகு அதே லோடு, அதே பத்து நிமிடம், மறுபடி படம். ஒன்பதாவது குரூப்பில் இப்போதும் நிறம் சமமாக இல்லை. ஆனால் தலைகீழ்: முன்பு குளிர்ந்திருந்த இரண்டும் இப்போது மற்ற நான்கைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி கூட. அவை பல மாதம் ஓய்வில் இருந்தவை, 50 மில்லிஓம்தான். ஒன்றரை மடங்கு சுமை இழுத்த நான்கும் 68-க்கு வந்துவிட்டன. அதனால் கரண்ட் இப்போது இளசுகள் பக்கம் சாய்கிறது: அவற்றுக்கு 3 ஆம்பியர், கிழடுகளுக்கு 2.2.

வண்டிக்காரரிடம் படத்தைக் காட்டினேன். "இன்னும் சூடா இருக்கேண்ணா?" என்றார். இருக்கட்டும், ஆறு மாதம் ஓட்டிவிட்டுக் கொண்டு வாருங்கள், இதே படத்தை மறுபடி எடுத்து அந்த ஒரு டிகிரி இரண்டாகியிருந்தால் குரூப்பையே மாற்றிவிடலாம் என்று சொல்லி அனுப்பினேன்.